திருவிழாவில் யானை மிரண்டு பக்தர் ஒருவருக்கு அடிபட்டது: குழுவின் அறிக்கை வரைவு, உங்கள் கருத்து வேண்டும்

விழாக்குழு செயலாளர்

எல்லாருக்கும் வணக்கம். குமரி மாவட்டத்தில் எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடையில் பதினொரு நாள் முன்னால் நடந்ததை வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வேண்டாம். தெரிந்தவர்களும் எழுதாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் குழுவின் சார்பில் ஓர் அறிக்கை வாசிக்க வேண்டும். இதுவரை நாங்கள் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்:

"தீர்த்தக்குட ஊர்வலத்தின்போது சிலர் முன்னறிவிப்பின்றி வெடித்த வெடியினால் யானைக்கு மதம் பிடித்து, அது திரும்பி ஓடியதில் முளைப்பாரி எடுத்து வந்த பக்தர் ஒருவர் கீழே விழுந்து காயமடைந்தார். எதிர்பாராமல் நடந்த இச்சம்பவத்துக்குக் குழு வருந்துகிறது. சிகிச்சைச் செலவில் ஒரு பகுதியைக் குழு ஏற்கும்."

குழுவில் ஏழு பேருக்கு இது சரி. எனக்கும் இன்னொருவருக்கும் எங்கேயோ உறுத்துகிறது. எங்கே என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. யானை வைத்துத் திருவிழா நடத்திய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கல்குளத்துக்காரன்

இதில் உறுத்த என்ன இருக்கிறது அண்ணாச்சி? மதம் பிடித்த யானையை வாடகைக்கு அனுப்பினது உடமைக்காரன் தப்பு. கன்னத்தில் எண்ணெய் மாதிரி ஒழுகியிருக்கும், கிட்டப் போய்ப் பார்த்தாலே தெரியும். பாகன் அதைத் துடைத்துவிட்டு, மேலே சந்தனத்தை அப்பிக் கூட்டி வந்திருப்பான். மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஓய்வு கால்நடை டாக்டர்

செயலாளருக்கு முதலில் ஒரு கேள்வி. ஆணா, பிடியா?

விழாக்குழு செயலாளர்

பிடி, டாக்டர். நாற்பது வயசு தாண்டியது. சாது என்பதால்தான் மூன்று வருசமாக அதையே கூப்பிடுகிறோம். குழந்தைகள் தும்பிக்கையைத் தொட்டுக் கும்பிடும்.

ஓய்வு கால்நடை டாக்டர்

அப்படியென்றால் அந்த "மதம்" என்ற சொல்லை இன்றைக்கே அடித்துவிடுங்கள். மதநீர் கட்டுவது கொம்பன்களுக்கும் மோழைகளுக்கும், அதாவது ஆண்களுக்கு வருவது. பிடிக்கும் எப்போதாவது கன்னத்தில் கொஞ்சம் கசியும், ஆனால் அது மதம் கிடையாது. மதத்தில் இருக்கிற ஆனையின் குணம் வாரக்கணக்கில் மாறிக் கிடக்கும். உங்கள் யானை எவ்வளவு நேரம் ஓடியது? எங்கே போய் நின்றது? யாரையாவது தேடிப் போய்க் குத்தியதா?

விழாக்குழு செயலாளர்

வந்த வழியிலேயே நானூறு மீட்டர் ஓடியிருக்கும். குளத்தங்கரைத் தென்னந்தோப்பில் தானாக நின்றுவிட்டது. யாரையும் தேடிப் போகவில்லை. பாகன் பின்னாலேயே ஓடிப்போய்க் காதைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். இருபது நிமிசத்தில் தென்னை மட்டையைக் கடிக்க ஆரம்பித்துவிட்டது. செல்போனைத் தூக்கிக்கொண்டு பின்னால் போன பையன்களை விரட்டுவதுதான் எங்களுக்குப் பெரிய பாடாக இருந்தது.

ஓய்வு கால்நடை டாக்டர்

தானாக நின்று மட்டை கடித்த யானைக்கு மதமும் இல்லை, கோபமும் இல்லை. அது பயந்திருக்கிறது. பயந்த யானை முன்னால் தெரியாத இடத்துக்குப் போகாது. வந்த வழி பத்திரமானது என்று அதற்குத் தெரியும், அதனால் அந்தப் பக்கமே திரும்பும். சரி, வந்த வழியில் யார் நின்றார்கள்? சந்து எவ்வளவு அகலம்? முன்னால் என்ன, பின்னால் என்ன? இவ்வளவும் எழுதுங்கள். அறிக்கை இங்கேதான் கிடக்கிறது.

விழாக்குழு செயலாளர்

நேற்றுச் சாயங்காலம் டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்தேன்.

ஆற்றங்கரைப் பிள்ளையார் கோயிலிலிருந்து அம்மன் கோயில் வரை ஒன்றரைக் கிலோமீட்டர். கடைசி இருநூறு மீட்டர் மட்டும் சந்து. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் மதில், அகலம் 5 மீட்டர். யானைக்கு முன்னால் 24 பேர் சிங்காரி மேளம். யானை மேல் தீர்த்தக்குடத்தோடு பூசாரியும் முத்துக்குடை பிடிக்கிற பையனும். யானையின் வாலுக்குப் பின்னால் நாலைந்து அடி விட்டு முளைப்பாரிப் பெண்கள், அறுபது பேருக்குக் குறையாது. அவர்களுக்குப் பின்னால் ஸ்பீக்கர் கட்டின மினி லாரி, அதில் அம்மன் பாட்டு.

சந்து முடிகிற இடத்தில் கோயில் திடல். யானை கண்ணில் பட்டதும் அங்கே கதினா போடுவது வழக்கம். எங்கள் அப்பா காலத்திலிருந்தே மூன்று கதினா. முதல் கதினாவுக்கு யானை நின்றது. இரண்டாவதற்குத் திரும்பியது. மூன்றாவதையும் போட்டுவிட்டார்கள், மேளச் சத்தத்தில் திடலில் இருந்தவர்களுக்கு இங்கே நடந்தது தெரியவில்லை. யானை நின்ற இடத்துக்கும் கதினாவுக்கும் இடைவெளி 38 மீட்டர்.

வாத்தியார்77

நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்தவன். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பட்டாசுக்குச் சட்டப்படி உச்ச அளவு, வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல். தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறையும். 8 மீட்டரில் 119, பதினாறில் 113, முப்பத்திரண்டில் 107. அப்போது 38 மீட்டரில் சுமார் 105தான். 24 செண்டைக்குப் பக்கத்தில் நிற்கிறவன் காதில் விழுகிற சத்தமும் ஏறக்குறைய அதே அளவுதான். ஒன்றரைக் கிலோமீட்டர் அந்தச் சத்தத்தில் நடந்து வந்த யானை அதே அளவு வெடிச் சத்தத்துக்கு ஏன் மிரள வேண்டும்? வெடிதான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. பாகன் குத்தியிருக்கலாம்.

ஆனைக்காரன் பேரன்

வாத்தியார் சார், கணக்கு சரிதான். ஆனால் அது பட்டாசுக்கான கணக்கு. கதினா என்பது இரும்புக் குழாயில் மருந்தைக் கிட்டித்துத் தரையில் நட்டு வெடிப்பது, 125 என்கிற வரம்புக்குள் நிற்காது. அப்புறம், நீங்கள் சொன்ன 6 டெசிபல் குறைவது திறந்தவெளியில். இரண்டு மதிலுக்கு நடுவே சத்தம் அந்த அளவுக்குக் குறையாமல் சந்து வழியாக நேரே வந்து முகத்தில் அறையும்.

என் தாத்தாவும் மாமாவும் ஆனைக்காரர்கள். நான் படித்து வேறு வேலைக்கு வந்துவிட்டேன், ஆனால் லீவு நாளெல்லாம் ஆனைக்கூடத்தில்தான் வளர்ந்தேன். தாத்தா சொல்வார், ஆனை காதால் மட்டும் கேட்பதில்லை, காலாலும் கேட்கும் என்று. கதினா தரையில் நட்டது. அதன் அதிர்வு அந்தக் காலுக்கு வருகிறது. செண்டை ஒரே தாளத்தில் போகிறது, அடுத்த அடி எப்போது விழும் என்று அதற்குத் தெரியும். கதினா அப்படி இல்லையே.

செயலாளர் அண்ணாச்சியிடம் ஒன்று கேட்க வேண்டும். யாரிடமாவது வீடியோ இருக்குமே? யானை திரும்பினதை எல்லாரும் பார்த்தாயிற்று. அதற்கு ஒரு நிமிசம் முன்னால் காதும் வாலும் என்ன செய்தன என்று பாருங்கள்.

ஓய்வு கால்நடை டாக்டர்

பேரன் சொன்னது சரி, அந்த வீடியோவைத் தேடுங்கள். காலால் கேட்பது பாட்டிக் கதை இல்லை, ஆய்வாளர்கள் பதிவு செய்தது. ஆசிய யானை மனிதக் காதுக்கு எட்டாத மிகத் தாழ்ந்த ஒலியையும் கேட்கும், 17 ஹெர்ட்ஸ் வரை சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நாம் சத்தம் அளக்கிற கருவியின் வழக்கமான அளவுகோல் நம் காதுக்குத் தக்கபடி தாழ்ந்த ஒலியைக் குறைத்துக் காட்டும். வாத்தியாரின் 105 நமக்கான 105, யானைக்கு என்னவென்று அதில் தெரியாது.

நாஞ்சில் வெற்றிலை

சந்தடி சாக்கில் ஒரு சந்தேகம். தை மாசம் எங்கள் வீட்டுக்குப் பால் காய்ச்சு. ஒரு யானையை வாசல் வரை கூட்டி வந்து ஆசீர்வாதம் வாங்க எவ்வளவு ஆகும்? இந்த யானை சாது என்றால் இதையே கேட்கலாமா?

கல்குளத்துக்காரன்

ஓய் வெற்றிலை, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்தீரா, இல்லையா?

விழாக்குழு செயலாளர்

வீடியோ கிடைத்தது. மாடியிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் எடுத்தது, மூன்றரை நிமிசம். ராத்திரி பத்துப் பதினைந்து தடவை பார்த்தேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் ஒரு நிமிசம் காது விசிறி மாதிரி ஆடுகிறது, வாலும் இரண்டு பக்கமும் ஆடுகிறது. சந்துக்குள் வந்துகொண்டிருக்கும்போதே காது நிற்கிறது. கொஞ்சம் முன்பக்கம் விரிந்தபடி அப்படியே நிற்கிறது. வால் ஒரு பக்கமாக விறைத்துக்கொள்கிறது. தும்பிக்கை நுனியைச் சுருட்டி வாய்க்குள் வைக்கிறது. முன்னங்காலை எடுத்து வைக்கப் போய், வைக்காமல் திரும்ப அதே இடத்தில் ஊன்றுகிறது. இவ்வளவும் முதல் கதினாவுக்கு நாற்பது விநாடி முன்னால். அதாவது அதுவரை ஒரு வெடியும் இல்லை. லாரி ஸ்பீக்கரும் மேளமும் மதிலுக்குள் சேர்ந்து அதிர்ந்ததுதான் அப்போது நடந்தது.

அந்த நாற்பது விநாடிக்குள் பாகன் மேளக்காரர்களைப் பார்த்துக் கையைத் தூக்குகிறார். "நிறுத்து" என்கிற மாதிரி. பிறகு பக்கத்தில் வெள்ளை வேட்டியில் நிற்கிற ஓர் ஆளிடம் குனிந்து ஏதோ சொல்கிறார். அந்த ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முன்னால் போகச் சொல்லிக் கை காட்டுகிறார்.

அது நான்தான்.

பாகன் அப்போது சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "சேட்டா, ரெண்டு மினிட், ஆன நிக்கட்டே" என்றார். தீபாராதனை நேரம் போய்க்கொண்டிருந்தது. ஏழே காலுக்கு நடை திறக்க வேண்டும். நான் "போங்க போங்க" என்றேன். இந்த பதினொரு நாளில் இதை யாரிடமும் சொல்லவில்லை. பாகனும் சொல்லவில்லை.

விழாக்குழு பொருளாளர்

செயலாளர் அவர்களே, இது குழுவில் பேச வேண்டிய விசயம். ஊருலகம் பார்க்கிற இடத்தில் இப்படி எழுதினால் நாளைக்குக் கேஸ் ஆகும்போது இதையே பிரிண்ட் எடுத்து நீட்டுவார்கள். குழுவின் கருத்து இதுவல்ல என்று இங்கேயே பதிவு செய்கிறேன். வெடி போட்டது நண்பர்கள் மன்றத்துப் பையன்கள், குழு இல்லை. அவர்களை விட்டுவிட்டு நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

வக்கீலம்மா

பொருளாளர் அண்ணனின் பயம் நியாயமானதுதான். செயலாளர் அண்ணா, வழக்கு வரக்கூடிய நிலையில் இப்படி எழுதுமுன் உங்கள் வக்கீலிடம் கேட்டிருக்க வேண்டும். எழுதியாயிற்று, இனி அழிக்காதீர்கள். அழிப்பது எழுதினதைவிட மோசமாகத் தெரியும்.

ஆனால் "வெடி போட்டது நாங்கள் இல்லை" என்பது உங்களைக் காப்பாற்றாது. இதில் குற்றவியல் வேறு, இழப்பீடு வேறு. குற்றவியலில் அஜாக்கிரதை இருந்ததா என்று பார்ப்பார்கள். விலங்கை அஜாக்கிரதையாக வைத்திருந்ததற்கு நியாய சம்ஹிதையில் 291, பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கும்படி நடந்ததற்கு 125. எலும்பு முறிந்திருந்தால் அது சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம்.

இழப்பீட்டில் அஜாக்கிரதையே தேவைப்படாமல் போகலாம். இங்கிலாந்தில் 1957இல் ஒரு சர்க்கஸ் வழக்கு நடந்தது, நாங்கள் சட்டக் கல்லூரியில் படித்தோம். பர்மா யானை, நன்றாகப் பழகியது, அதுவும் பிடிதான். ஒரு குட்டி நாய் குரைத்ததில் மிரண்டு, பக்கத்திலிருந்த சாவடியைச் சாய்த்துவிட்டது. உள்ளே இருந்த பெண்ணுக்கு அடி. யானை சாது, பயத்தில்தான் ஓடியது, கொண்டு வந்தது வேறு யாரோ ஒருவரின் நாய் என்றெல்லாம் வாதாடிப் பார்த்தார்கள். யானை என்ற இனமே ஆபத்தானது, அதை வைத்திருப்பவர் பொறுப்பு என்று நீதிபதி சொல்லிவிட்டார். நம் நீதிமன்றங்கள் அதை அப்படியே பின்பற்றியாக வேண்டும் என்றில்லை. ஆனால் "சாது யானை, யாரோ போட்ட வெடி" என்று நீங்கள் சொல்லப்போவதை அறுபது எழுபது வருசத்துக்கு முன்பே ஒருவர் சொல்லித் தோற்றிருக்கிறார்.

ஒன்று மட்டும் உண்மையிலேயே விவாதத்துக்கு உரியது. யானையை "வைத்திருப்பவர்" உடமைக்காரரா, அன்றைக்கு வாடகைக்கு எடுத்த நீங்களா? அதற்கு ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும்.

கல்குளத்துக்காரன்

ஏன் இவ்வளவு சுற்றுகிறீர்கள் அக்கா? யானை அடித்தால் வனத்துறை லட்சக்கணக்கில் கொடுக்கிறதே. மனு எழுதிப் போட்டால் முடிந்தது.

வக்கீலம்மா

அது காட்டு யானைக்கு, தம்பி. உடமைச் சான்றிதழ் உள்ள யானை வாடகைக்கு வந்து அடித்ததற்கு அந்த நிதி வராது. செயலாளர் அண்ணா, யானைக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா? "இருக்கிறது" என்று வாயால் சொன்னால் போதாது, பாலிசியைப் பாருங்கள்.

விழாக்குழு செயலாளர்

பார்த்தேன். உடமைக்காரர் அனுப்பினார். யானை செத்தால் பணம் வரும். யானையால் யாருக்காவது அடிபட்டால் என்ன என்பதற்கு அதில் ஒரு வரி இல்லை. ஒப்பந்தம் என்று ஒன்றும் இல்லை, ஒரு வெள்ளைத் தாளில் முன்பணம் எழுதி ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறோம். அனுமதிக் கடிதத்தில் "யானையின் அருகில் வெடி கூடாது" என்று இருக்கிறது. கீழே என் கையெழுத்து. "அருகில்" என்றால் எவ்வளவு தூரம் என்று நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் எழுதவில்லை.

கண்டித்தமிழன்

நான் இலங்கை, கண்டி. இங்கே எசல பெரஹராவில் கசையடிப்பவர்கள் முன்னால் சாட்டையைப் படார் படார் என்று அடித்துக்கொண்டு போவார்கள், பின்னால் பறைகள், தீப்பந்தங்கள், அதற்குள்ளேதான் டசின் கணக்கில் யானைகள் நடக்கும். சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன், யானை அசையாது. எல்லாம் பழக்கம்தான். உங்கள் யானைக்குப் பழக்கம் போதாது என்று நினைக்கிறேன்.

ஆனைக்காரன் பேரன்

அண்ணா, பழக்கம் என்பது பாதி உண்மை. கண்டியில் அந்தச் சத்தங்கள் எல்லாம் வருசா வருசம் அதே வரிசையில், அதே இடைவெளியில் வருகின்றன. யானைக்கு அது மனப்பாடம். அப்படிப் பழகின நாட்டில்தான் 2019இல் கோட்டே பெரஹராவில் யானை ஓடிப் பதினேழு பேருக்கு அடிபட்டது.

எங்கள் மாமா சொல்வது வேறு. சாது யானை என்று ஒன்று கிடையாது, பொறுத்துக்கொள்கிற யானைதான் உண்டு என்பார். அது பொறுத்துக்கொண்டிருப்பது காதில் தெரியும். காது ஆடுகிற வரைக்கும் கவலை இல்லை. காது நின்றால் ஆனை எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நின்றதோடு தும்பிக்கை வாய்க்குள் போனால் மேளத்தை நிறுத்திவிட வேண்டும், யார் என்ன சொன்னாலும். உங்கள் பாகன் அதைச் சரியாகப் பார்த்திருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வாடகைக்கு வந்த வெளியூர்க்காரர், மொழி வேறு. குழுக்காரர் போ என்றால் எதிர்த்து நிற்கிற இடத்தில் அவர் இல்லை.

கண்டித்தமிழன்

கோட்டே சம்பவம் மறந்துபோயிருந்தது. சரி, பாதி வாபஸ்.

கல்குளத்துக்காரன்

அதெல்லாம் இருக்கட்டும். ஓடினதும் மயக்க ஊசி போட்டிருந்தால் முடிந்திருக்குமே? டாக்டரைக் கூட்டி வராதது குழுவின் தப்பு இல்லையா?

ஓய்வு கால்நடை டாக்டர்

சினிமாவில் ஊசி பட்ட உடனே யானை சரியும். நிஜத்தில் கால் மணி நேரம்கூட ஆகலாம், மிரண்டு கிடக்கிற யானைக்கு மருந்து சரியாகவே ஏறாது. அரை மயக்கத்தில் தள்ளாடுகிற யானையைச் சந்துக்குள் வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? நெஞ்சு தரையில் படும்படி குப்புறப் படுத்துவிட்டால் அதன் கனமே மூச்சை அடைத்துவிடும். இருபது நிமிசத்தில் மட்டை கடித்த யானைக்கு ஊசி போடாமல் இருந்ததுதான் நல்லது.

நான் சொல்ல வந்தது வேறு. எல்லாரும் சத்தத்தையே பேசுகிறோம். அந்த அம்மாவுக்கு எலும்பு முறிந்தது சத்தத்தால் இல்லை, 5 மீட்டர் சந்தால். யானை ஒரே இடத்தில் நின்று ஆடு மாதிரி திரும்பாது. முன்பக்கம் ஒரு பக்கம் போனால் பின்பக்கம் எதிர்ப் பக்கம் வீசும். அந்த நீளத்துக்கு 5 மீட்டர் என்பது லேசில் திரும்ப முடியாத இடம், மதிலைத் துடைத்துக்கொண்டுதான் திரும்பியிருக்கும். பின்னால் நேராக என்ன இருக்கிறது என்று யானைக்குத் தெரியாது, அதன் கண் பக்கவாட்டில் இருக்கிறது. அதன் கண்ணில் படாத இடத்தில் நீங்கள் அறுபது பேரை நிறுத்தி, அதுவே தப்பிப் போகிற ஒரே வழி என்றும் ஆக்கி வைத்திருந்தீர்கள்.

கேரள உயர் நீதிமன்றம் 2024 நவம்பரில் சில தூரங்கள் சொன்னது: யானைக்கும் ஆட்களுக்கும் மேளத்துக்கும் இடையில் 8 மீட்டர், வெடிக்கு 100 மீட்டர். உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது, அது நமக்குப் பொருந்தவும் பொருந்தாது. ஆனாலும் அந்த எட்டை உங்கள் சந்தில் வைத்துப் பாருங்கள். சந்தே ஐந்துதான். அப்படியென்றால் யானையை அந்தச் சந்துக்குள் விட்டிருக்கவே கூடாது. சந்து முனையில் தீர்த்தக்குடத்தை இறக்கி ஆள் தலையில் வைத்துக் கொண்டுபோயிருக்கலாம்.

வாத்தியார்77

தடை போட்டதற்குக் காரணம் அந்தத் தூரங்கள் நடைமுறைக்கு ஒத்துவராது என்பதுதானே? யானைக்கும் யானைக்கும் மூன்று மீட்டர் என்றும் அதில் இருந்தது, திருச்சூர் பூரத்தில் எப்படி அந்த இடைவெளி விடுவார்கள்?

வக்கீலம்மா

அந்த வழக்கு அப்படித்தான் போனது சார். தடை வந்து இரண்டு மாசத்துக்குள் 2025 பிப்ரவரியில் கொயிலாண்டியில் வெடிச் சத்தத்தில் மிரண்டு ஒரு யானை இன்னொரு யானையைக் குத்த, மூன்று பேர் இறந்தார்கள். எது நடைமுறைக்கு ஒத்துவரும் என்பதில் நான் யார் பக்கமும் இல்லை.

அடிபட்டவர் மகன்

இந்த இழையை என் மச்சான் அனுப்பினான். நான் அந்த அம்மாவின் மகன். யார் மேலும் சண்டைக்கு வரவில்லை.

அம்மாவுக்கு இடுப்பெலும்பில் இரண்டு இடத்தில் விரிசல், விலா எலும்பு இரண்டு. ஆறு வாரம் நடக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கோபப்பட்டார். இடுப்பு நொறுங்கினவரை உட்கார வைக்கக் கூடாதாம், உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்குமாம். ஒரு வேட்டியை எடுத்து இடுப்பைச் சுற்றி, தொடை தொடங்குகிற எலும்பு மட்டத்தில் இறுக்கிக் கட்டி, பலகையில் படுக்க வைத்து 108க்குக் காத்திருந்திருக்கலாம் என்றார். ஊர்வலத்தில் வேட்டி கட்டாத ஆள் யார்? யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான்.

அம்மா யானையைத் திட்டவே இல்லை. "அது என்னைப் பார்க்கவே இல்லைடா, முதுகைக் காட்டிக்கிட்டுதான் வந்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. அம்மா கேட்பது ஒன்றுதான். முளைப்பாரிச் சட்டி உடைந்துவிட்டது, ஒன்பது நாள் விரதம் என்ன ஆகும் என்று. அதற்குக் குழுவில் யாரும் பதில் சொல்லவில்லை. ஆப்பிள் கூடை வந்தது.

இதுவரை ஆஸ்பத்திரிக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் ஆகிவிட்டது. "ஒரு பகுதி" என்றால் எவ்வளவு என்று அறிக்கையில் எழுதுங்கள்.

விழாக்குழு பொருளாளர்

தம்பி, ஆஸ்பத்திரி பில்லைக் கொண்டு வாருங்கள். நான் இங்கே பேசினது உங்கள் அம்மாவுக்கு எதிராக இல்லை. கொடைக் கணக்கில் மிச்சம் என்ன இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும், அதனால்தான் "ஒரு பகுதி" என்று எழுதச் சொன்னேன். யானைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாதிப் பணம் கையில் இருக்கிறது, அதை இதற்கு எடுக்கலாம் என்பது என் யோசனை.

ஆனைக்காரன் பேரன்

அந்தப் பாதிப் பணத்தில்தான் பாகன் கூலி இருக்கும் அண்ணாச்சி. நிறுத்தச் சொன்ன ஆளின் கூலியைப் பிடிக்காதீர்கள். வேறு எங்கேயாவது எடுங்கள்.

நாஞ்சில் வெற்றிலை

முழுசும் வாசித்தேன், முதலில் கேட்டதற்கு மன்னிக்கணும். எங்கள் வாசலுக்குப் போகிற முடுக்கு மூன்று மீட்டர்தான். யானை வேண்டாம். அடுத்த வருசம் நீங்கள் இயந்திர யானை வைக்கலாமே? திருச்சூர்ப் பக்கம் இரிஞ்ஞாடப்பிள்ளி கோயிலில் 2023இல் வைத்தார்களே, காது ஆட்டுகிறது, தும்பிக்கை தூக்குகிறது.

கல்குளத்துக்காரன்

காது ஆட்டினால் மட்டும் ஆனை ஆகிவிடுமா? தீர்த்தம் உயிருள்ள ஆனை மேல் வர வேண்டும். அதற்கு ஒரு ஐதீகம் இருக்கிறது. வெடியை நிறுத்துங்கள், சந்தை அகலப்படுத்துங்கள், ஆனையை நிறுத்தாதீர்கள்.

விழாக்குழு செயலாளர்

அடுத்த வருசம் யானை உண்டா இல்லையா என்பதைக் குழு இன்னும் பேசவில்லை, பேசினாலும் ஒரே கூட்டத்தில் முடியாது. மதில்காரர்கள் ஒரு அடிகூடத் தர மாட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம். பாகன் கூலியை நேற்றே தனியாக அனுப்பிவிட்டேன், என் கைப்பணம். முளைப்பாரி விசயத்தைப் பூசாரியிடம் கேட்டேன். அம்மன் முன்னால் வைத்து வளர்த்ததே போதும், விரதம் நிறைவேறிவிட்டது என்றார். செவ்வாய்க்கிழமை அவரே ஆஸ்பத்திரிக்கு வந்து திருநீறு பூசிச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அறிக்கையை இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன். ஒன்பதில் ஐந்து பேர் ஒத்துக்கொண்டார்கள். பொருளாளர் ஒத்துக்கொள்ளவில்லை, அதையும் அறிக்கையிலேயே எழுதச் சொன்னார். வக்கீலிடம் காட்டியாயிற்று.

"தீர்த்தக்குட ஊர்வலத்தில் 5 மீட்டர் அகலச் சந்துக்குள், முன்னால் மேளத்துக்கும் பின்னால் முளைப்பாரிக்கும் ஒலிபெருக்கி வண்டிக்கும் இடையில் யானை நடத்திச் செல்லப்பட்டது. யானை மிரளும் அறிகுறி தெரிந்து பாகன் நிறுத்தக் கேட்டும், குழுவின் செயலாளர் நேரம் கருதித் தொடரச் சொன்னார். பின்னர் 38 மீட்டர் தூரத்தில் கதினா வெடிக்கப்பட்டதில் யானை பயந்து, வந்த வழியே திரும்பி ஓடியது. அதில் முளைப்பாரி எடுத்து வந்த பக்தர் ஒருவர் கீழே விழுந்து, இடுப்பெலும்பிலும் விலாவிலும் முறிவு ஏற்பட்டது. இதுவரையிலான சிகிச்சைச் செலவு முழுவதையும் குழு ஏற்கிறது. இனி ஆகும் செலவைப் பற்றிக் குடும்பத்தோடு பேசி எழுத்தில் கொடுக்கும். பொருளாளர் இவ்வறிக்கையுடன் உடன்படவில்லை."

கல்குளத்துக்காரன்

இதை வாசித்தால் ஊரில் பாதிப் பேர் உங்களைத்தான் ஏசுவார்கள் அண்ணாச்சி.

அடிபட்டவர் மகன்

ஒரு திருத்தம். அம்மா கீழே விழவில்லை. யானையின் பின்பக்கத்துக்கும் மதிலுக்கும் நடுவே நெருக்கப்பட்டு, யானை போன பிறகும் மதிலில் சாய்ந்தபடி நின்றுகொண்டுதான் இருந்தது. சட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்ததாம். தூக்கினவர்கள் அப்புறம்தான் படுக்க வைத்தார்கள். "விழுந்து" என்று போட்டால் தள்ளுமுள்ளில் விழுந்தது மாதிரி இருக்கிறது.

விழாக்குழு செயலாளர்

மாற்றிவிட்டேன் தம்பி. "மதிலோடு நெருக்கப்பட்டு."

ஓய்வு கால்நடை டாக்டர்

செயலாளர், அந்த மாடி வீடியோவை யானை உடமைக்காரருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். அடுத்த மாசம் அது வேறொரு ஊருக்குப் போகும். காது எப்போது நின்றது என்று அந்த ஊர்க்காரர்களும் பார்க்கட்டும்.